“முற்றுப்புள்ளி” என்று சொன்னால் முற்றுப்புள்ளி போடலாமா?

போடிநாயக்கனூரில் இருந்து குரங்கணிக்குச் சுமார் 16 கிலோ மீட்டர். அதற்கு மேலே ஏலக்காய் மலை. மலையில் வேலைக்குப் போகிறவர் இப்போது கடிதம் எழுத உட்காருவது இல்லை. செல்போனில் பேசி அனுப்பி விடுகிறார். மனுவாக இருந்தாலும் பேச்சு. எடைக் கணக்காக இருந்தாலும் பேச்சு. கீழே ஊரில் இருக்கும் மகனோ மகளோ அதைக் கேட்டு, எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் பேசும்போதே குறிகளையும் சொல்லி விடுகிறார்கள். “கமா”, “முற்றுப்புள்ளி”, “அடுத்த பத்தி” என்று அவர்கள் சொல்வது நல்ல பழக்கம். எழுதுகிறவருக்குப் பாதி வேலை குறையும்.

மீதிப் பாதியில்தான் தவறு நேருகிறது.

ஒரு மனு

மலையில் இருக்கும் சித்தப்பா, போடியில் படிக்கும் அண்ணன் மகளுக்கு இப்படி ஒரு மனுவைச் சொல்லி அனுப்புவதாக வைத்துக் கொள்ளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினால் இப்படி இருக்கும்:

“ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு கமா அடுத்த பத்தி ஐயா கமா அடுத்த பத்தி எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்து எட்டு நாள் ஆகிவிட்டது முற்றுப்புள்ளி குழாயைப் பத்தி ரெண்டு தடவை நேரில் சொன்னோம் முற்றுப்புள்ளி தாயி அந்த எட்டு நாளை ஒன்பது என்று போடு மறுநாளே ஆள் வருவார் என்று சொன்னார்கள் யாரும் வரவில்லை ரெண்டு மைல் நடந்து ஓடையில் தண்ணீர் எடுக்கிறோம் முற்றுப்புள்ளி பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கேள்விக்குறி ஆகிவிட்டது முற்றுப்புள்ளி அடுத்த பத்தி குழாய் எப்போது சரியாகும் கேள்விக்குறி இந்தக் கஷ்டத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும் முற்றுப்புள்ளி”

இதைப் பார்த்ததும் ஒரு குறுக்கு வழி தோன்றும். செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு சொல்லைத் தேடி, அது வரும் இடம் எல்லாவற்றிலும் வேறொன்றைப் போடும் வசதி இருக்கிறது. “முற்றுப்புள்ளி” வரும் இடம் எல்லாம் ஒரு புள்ளி. “கேள்விக்குறி” வரும் இடம் எல்லாம் ஒரு கேள்விக்குறி. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்து விடும்!

முடிந்தபின் மனுவைப் படித்தால், “பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது ? ஆகிவிட்டது” என்று இருக்கும். “இந்தக் கஷ்டத்துக்கு ஒரு . வைக்க வேண்டும்” என்று இருக்கும். மனுவின் உயிரான இரண்டு வரிகளும் போய் விட்டன.

“புள்ளி” என்ற சொல்லை முதலில் மாற்றினால் இன்னும் மோசம். முற்றுப்புள்ளிக்கு உள்ளேயும் புள்ளி இருக்கிறதே! “முற்றுப்” என்ற துண்டு மட்டும் அனாதையாக நிற்கும்.

குறியா, சொல்லா?

ஆகவே ஒவ்வொரு இடத்திலும் நின்று கேட்க வேண்டும்: இது எழுதுகிறவருக்குச் சொன்ன குறியா? மனுவைப் படிக்கப் போகிறவருக்குச் சொன்ன சொல்லா?

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அந்தச் சொல்லை எடுத்து விட்டு வாக்கியத்தைப் படிக்க வேண்டும். “குழாய் எப்போது சரியாகும்” என்பது நன்றாக நிற்கிறது. ஆகவே அங்கே கேள்விக்குறி என்பது குறி. “பள்ளிக்கூடம் போவது ஆகிவிட்டது” என்பது நிற்கவில்லை. ஆகவே அங்கே அது சொல். அதை எழுத்தாகவே எழுத வேண்டும்.

“பத்தி” என்ற சொல்லும் ஏமாற்றும். பேச்சில் “பற்றி” என்பதையும் “பத்தி” என்றுதான் சொல்லுகிறோம். “குழாயைப் பத்தி”, “கூலியைப் பத்தி” என்று முன்னால் “ஐ” வந்தால், அது பற்றி. “அடுத்த”, “புது” என்ற சொல் முன்னால் வந்தால், அது புதிய பத்தி.

“தாயி, அந்த எட்டு நாளை ஒன்பது என்று போடு” என்பது மகளுக்கு இட்ட வேலை. அதைச் செய்ய வேண்டும். அந்த வரி மனுவில் வரக் கூடாது.

சொல்லாமல் விட்ட குறிகள்

சொல்லுகிறவர் முதல் சில வாக்கியங்களுக்குக் குறி சொல்லுவார். கோபமும் வருத்தமும் வந்ததும் மறந்து விடுவார். சித்தப்பாவும் நடுவில் மறந்து விட்டார்.

அங்கே தமிழே வழி காட்டுகிறது. தமிழ் வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றில் முடியும். “சொன்னார்கள்”, “வரவில்லை”, “எடுக்கிறோம்” என்ற இடங்களில் முற்றுப்புள்ளி போடலாம். “உடைந்து”, “நடந்து” என்பவை முடியாத சொற்கள். அங்கே முற்றுப்புள்ளி கூடாது.

ஒரு எச்சரிக்கை. “ஆள் வருவார்” என்பது முடிந்தது போல இருக்கிறது. பின்னால் “என்று” வருகிறது. “என்று” வந்தால் வாக்கியம் இன்னும் ஓடிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். “எப்போது சரியாகும் என்று தெரியவில்லை” என்றாலும் இதே கதைதான். அதற்குக் கேள்விக்குறி வேண்டாம்.

பேச்சு நிற்கும் இடத்தில் எல்லாம் குறி போடுவதும் தவறு. மலை ஏறிக் கொண்டே பேசுகிறவர் மூச்சு வாங்க நிற்பார். மூச்சுக்குக் கமா கிடையாது.

பத்தியையும் அவர் சொன்ன இடத்தில் பிரிக்க வேண்டும். சொல்லாத இடத்தில் விஷயம் மாறுவதைப் பார்த்துப் பிரிக்கலாம். நடந்தது ஒரு பத்தி. படும் பாடு ஒரு பத்தி. கேட்பது ஒரு பத்தி. மனு இப்படி அமையும்:

“ஊராட்சித் தலைவர் அவர்களுக்கு,

ஐயா,

எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர்க் குழாய் உடைந்து 9 நாள் ஆகிவிட்டது. குழாயைப் பற்றி 2 தடவை நேரில் சொன்னோம். மறுநாளே ஆள் வருவார் என்று சொன்னார்கள். யாரும் வரவில்லை.

2 மைல் நடந்து ஓடையில் தண்ணீர் எடுக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கேள்விக்குறி ஆகிவிட்டது.

குழாய் எப்போது சரியாகும்? இந்தக் கஷ்டத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.”

“பத்தி” என்பது “பற்றி” ஆனது. “ரெண்டு” என்பது “2” ஆனது. ஆனால் “கஷ்டம்” என்பது “இன்னல்” ஆகவில்லை. எழுதுகிறவருக்குக் குறிகள் மேல் உரிமை உண்டு. எழுத்துப் பிழையைத் திருத்தவும் உரிமை உண்டு. சொன்னவரின் சொல்லை மாற்ற உரிமை இல்லை.

காதால் மட்டும் தீரும் சந்தேகம்

எடைக் கணக்கில் ஆபத்து அதிகம். “மொத்தம் இருபத்தி மூன்று புள்ளி நான்கு கிலோ காய் ஈரம்” என்று ஒரு செய்தி வருகிறது. காய் என்றால் ஏலக்காய். இதை எப்படி எழுதுவது?

“மொத்தம் 23.4 கிலோ காய் ஈரம்” என்று எழுதினால், அத்தனை காயும் ஈரம். “மொத்தம் 23. 4 கிலோ காய் ஈரம்” என்று எழுதினால், 23 கிலோவில் 4 கிலோ மட்டும் ஈரம். இரண்டுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம்!

சொல்லை எடுத்துப் பார்க்கும் சோதனை இங்கே உதவாது. குரலைத் திரும்பக் கேட்க வேண்டும். “மூன்று” என்றதும் குரல் இறங்கி நின்றால், அது முற்றுப்புள்ளி. நிற்காமல் ஓடினால், அது தசமப் புள்ளி. அப்படியும் தெரியவில்லை என்றால் சொன்னவரைக் கேட்க வேண்டும். ஊகித்து எழுதக் கூடாது. எழுத்து வேலை முடிந்ததும் குரல் பதிவை அழித்து விடுவதும் கூடாது.

சொல்லுகிறவரும் ஒரு உதவி செய்யலாம். வாக்கியம் முடிந்தால் வெறும் “புள்ளி” என்று சொல்லாமல் “முற்றுப்புள்ளி” என்று சொல்லலாம். எண் சொன்னதும் “கிலோ” என்று சேர்த்து விட்டால் குழப்பமே வராது.

ஒரு கமாவின் விலை

“ஏன் இத்தனை பாடு? ஓலைச்சுவடியில் கமா இருந்ததா?” என்று கேட்பவர் உண்டு. இன்று நாம் போடும் இந்தக் குறிகள் ஓலைச்சுவடியில் இல்லை என்பது உண்மைதான். அச்சுப் புத்தகத்தோடு வந்தவை அவை. ஆறுமுக நாவலர் போன்றவர்கள் 19–ம் நூற்றாண்டில் தங்கள் நூல்களில் அவற்றைக் கையாண்டார்கள். ஓலையைப் படித்தவருக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார். எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லிக் கொடுத்தார். மனுவோ தனியாகப் போகிறது. அதன் கூட யாரும் போவது இல்லை.

கூலிப் பட்டியலில் “கந்தன் மகன் முருகன்” என்று எழுதினால் ஒரு ஆள். கந்தனுடைய மகன் முருகன். “கந்தன், மகன் முருகன்” என்று எழுதினால் இரண்டு ஆள். அப்பனும் வேலை செய்தான். பிள்ளையும் வேலை செய்தான். கமா விட்டுப் போனால் ஒரு ஆள் கூலி போயிற்று!

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் வண்டி ஓட்டுநர்கள் கூடுதல் நேர வேலைக்குக் கூடுதல் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்த வேலைகளுக்கு அந்தச் சம்பளம் இல்லை என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலின் கடைசியில் “அனுப்புவதற்கு சிப்பம் கட்டுதல்”, “வினியோகம்” என்ற இரண்டும் வந்தன. அவற்றுக்கு நடுவே கமா இல்லை. ஆகவே வினியோகம் தனி வேலையா, அல்லது வினியோகத்துக்காக சிப்பம் கட்டுவதைத்தான் சட்டம் சொல்கிறதா என்ற கேள்வி எழுந்தது. ஓட்டுநர்கள் வினியோகம் செய்தார்கள்; சிப்பம் கட்டவில்லை. சட்டம் தெளிவாக இல்லை என்று 2017–ல் மேல் கோர்ட்டு ஓட்டுநர்கள் பக்கம் தீர்ப்பு அளித்தது. 2018–ல் நிறுவனம் 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டு வழக்கை முடித்தது.

வாசித்துக் காட்ட வேண்டும்

கோர்ட்டில் சாட்சி சொன்னதை எழுதியபின், அதை அவருக்கே வாசித்துக் காட்டுவது வழக்கம். வீட்டில் எழுதும் மனுவுக்கும் அந்த வழக்கம் வேண்டும்.

மகள் போனை எடுத்து, எழுதியதைச் சித்தப்பாவுக்கு நிறுத்தி வாசிக்க வேண்டும். குறி இருக்கும் இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். தவறான இடத்தில் நிறுத்தினால், “அப்படி இல்லை தாயி” என்று அவர் அங்கேயே சொல்லி விடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கூடத் தம்முடைய பேச்சு எங்கே முடிகிறது என்பதை அறிவார்.

அவர் “சரி” என்று சொன்ன பிறகுதான் அந்தக் காகிதத்தில் அவருடைய கையெழுத்தோ, கைநாட்டோ விழ வேண்டும்.