‘ஆப்சென்ட் போட்டுட்டீங்க’ என்னும் வாக்கியம்

அல்சூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் வேலை. சென்ற மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, “தம்பி, எச்.ஆருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு” என்றார்.

அவருடைய மாத ஊதியம் 26 நாள்களுக்கு 13,000 ரூபாய், நாளொன்றுக்கு 500. ஒருநாள் ‘ஆப்சென்ட்’ எனக் குறிக்கப்பட்டிருந்தது. அன்று அவர் வேலைக்குச் சென்றிருந்தார். காலையில் விரல்ரேகைப் பொறி ரேகையை ஏற்றது, மாலையில் ஏற்கவில்லை. துணியிலும் சோப்பிலும் தேய்ந்த விரல்களுக்கு இது புதிதன்று. உள்ளே வந்த நேரம் மட்டும் இருந்து வெளியேறிய நேரம் இல்லையெனில், அங்குள்ள மென்பொருள் அந்நாளை வராத நாளாகவே கொள்கிறது. இழப்பு 500 ரூபாயோடு நிற்கவில்லை. ஒருநாள்கூட விடுப்பெடுக்காதவர்க்குரிய வருகை ஊக்கத்தொகை 750 ரூபாயும் போயிற்று. ஆக, 1,250.

அக்கா சூப்பர்வைசரிடம் முதலில் வாய்மொழியாகச் சொன்ன வாக்கியம்: “என்ன ஆப்சென்ட் போட்டுட்டீங்க.” மொழியியல் மாணவனாக இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ‘போட்டீங்க’ என்பது செயலை மட்டும் சொல்கிறது. ‘போட்டுட்டீங்க’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘விடு’ என்னும் துணைவினை, செயல் முடிந்ததைச் சொல்வதோடு, இத்தகைய இடங்களில் பேசுபவரின் மனக்குறையையும் ஏற்றிச் சொல்கிறது. முன்னிலை விகுதியோ பழியை எதிரில் நிற்பவர்மேல் வைக்கிறது. பதிவைச் செய்தது பொறி; பழி சூப்பர்வைசருக்கு. அவர் பொறியைப் பற்றிப் பேசவில்லை. தம்மைக் காத்துக்கொள்ளப் பேசினார். “நீ பஞ்ச் பண்ணல, நான் என்ன செய்ய?” என்பதோடு பேச்சு முடிந்தது.

இதற்கு அஞ்சிப் பலர் மறுகோடிக்குப் போகிறார்கள். ‘தவறு நேர்ந்திருந்தால் மன்னித்து, தயைகூர்ந்து பரிசீலிக்க வேண்டுகிறேன்’ என்று எழுதுகிறார்கள். என் பார்வையில் இது முன்னதைவிடக் கேடு. பெறுபவர் அதைச் சலுகை கேட்கும் விண்ணப்பமாகவே வாசிப்பார். சலுகையை மறுக்கலாம், பிழையான பதிவைச் சரிபார்க்கத்தான் வேண்டும். உழைக்காத நேரத்துக்கு உரிய விகிதத்தில் மட்டுமே ஊதியத்தைப் பிடிக்கலாம் என்பது 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்திலிருந்தே உள்ள நெறி. உழைத்த நாளுக்கு மன்னிப்புக் கேட்பானேன்?

நாங்கள் எழுதியது இவ்வளவே: “செப்டம்பர் 17ஆம் தேதிக்கு எனது வருகைப் பதிவில் ‘ஆப்சென்ட்’ என்றுள்ளது. அன்று காலை உள்நுழைவு பதிவாகியுள்ளது. மாலை வெளியேற்றம் பதிவாகவில்லை. அன்றைய மணிவாரி உற்பத்தித் தாளில் கடைசி மணிநேரம் வரை எனது இயந்திரத்தின் கணக்கு உள்ளது. வருகைப் பதிவைத் திருத்தி, பிடிக்கப்பட்ட 500 ரூபாயையும் ஊக்கத்தொகை 750 ரூபாயையும் வழங்கக் கோருகிறேன்.”

இதில் ‘நீங்கள்’ இல்லை. ‘பதிவாகவில்லை’ என்ற வினைக்குச் செய்தவர் யாரும் வேண்டியதில்லை. படிப்பவர் அக்காவை நம்ப வேண்டியதுமில்லை. நிறுவனத்தின் இரண்டு தாள்களை அருகருகே வைத்தால் போதும். முதலில் கேட்டது பணத்தையன்று, பதிவுத் திருத்தத்தை என்பதையும் கவனிக்கலாம். பணத்தை மட்டும் கையால் சரிக்கட்டிவிட்டு ‘ஆப்சென்ட்’ அப்படியே இருந்தால், வருடாந்திர விடுப்புக்கு வேலை நாள்களை எண்ணும்போது அதே பிழை மீண்டும் தலைதூக்கும். கடிதத்தை இரு படிகள் எடுத்து, ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொண்டார்.

‘தொழிலாளர்க்கு நிதானமாகப் பேசத் தெரியவில்லை’ என்று நம் கருத்தரங்குகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கிருந்து கிழக்கே, கோலார் மாவட்டம் நரசாபுரத்தில் 2020 டிசம்பர் 12 அன்று விஸ்ட்ரான் ஆலை நொறுக்கப்பட்டது, தொழிலாளர்கள் கைதாயினர், வன்முறையே தலைப்புச் செய்தியானது. பின்னர் மாநிலத் தொழிற்சாலைகள் துறையின் ஆய்வு, வருகைப்பதிவு முறை பழுதாகி உரிய காலத்தில் சீர்செய்யப்படாமல் இருந்ததைச் சுட்டியது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்கு ஊதியம் தாமதமானதை ஆப்பிள் நிறுவனமும் ஏற்று, விஸ்ட்ரானுக்குப் புதிய பணிகள் தருவதை நிறுத்திவைத்தது. வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பதிவே பழுதானவிடத்து, எவ்வளவு செம்மையான வாக்கியத்துக்கும் ஒப்புநோக்க இரண்டாம் தாள் இல்லை. திருத்தும் அதிகாரமுள்ள காதும் வேண்டும்.

அக்காவின் பதிவு மூன்றாம் நாள் திருத்தப்பட்டது. 500 ரூபாய் இம்மாதச் சம்பளத்தோடு வந்தது. ஊக்கத்தொகைக் கணக்கை முடித்துவிட்டார்களாம், 750 வரவில்லை. கையொப்பமிட்ட படியோடு இரண்டாம் கடிதத்தை நேற்று அவரே எழுதினார். நான் ஓர் எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினேன்.