இரைச்சலை இரைச்சலால் மூடுதல்

அடுகோடியில் ஓசூர் சாலையை ஒட்டிய அறைகளில் உறங்குவோர்க்கு வெண்ணிரைச்சல் ஓர் எளிய புகலிடம். ஆயினும் அது எந்த ஒலியையும் அழிப்பதில்லை, அதன்மேல் கூடுகிறது. தலையணையருகே 45 டெசிபல் போக்குவரத்து ஒலி இருக்க, அதே அளவு வெண்ணிரைச்சலைச் சேர்த்தால் செவி பெறுவது 48 டெசிபல். திடீர் ஹாரனுக்கும் அறையின் அடிநிலை ஒலிக்கும் உள்ள இடைவெளி குறைவதே இதன் பயன். ஆகவே ஹாரன் மங்கினால் போதும். அதை மூழ்கடிக்க ஒலியைக் கூட்டுவது வீண்.

இதற்கு ஒலிபெருக்கியே ஏற்றது என்பேன். அதைச் சன்னலருகே, தலையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வைத்து, கைப்பேசிச் செயலியால் தலையணையில் தோராயமாக அளந்து, 50 டெசிபலுக்குள் நிறுத்தலாம். இயர்பட்ஸின் ஒலியை அவ்வாறு அளக்க இயலாது. ஒருக்களித்துப் படுத்தால் அது செவித்துளையை அழுத்தும். ஈரத்தையும் அடைத்து வைக்கும். அறைத்தோழர்க்கு வெண்ணிரைச்சல் ஒவ்வாதெனில் நுரைக் காதடைப்பான் மேல். அது ஒலியைக் கூட்டாமல் குறைக்கிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதித்த வரம்பு 45 டெசிபல். அதைக் காக்கும் கடமை சாலைக்குரியது, உறங்குபவரின் காதுக்குரியதன்று.