விட்டதைப் பிடிக்கும் கணக்கு

ஆப்ஷன் டிரேடிங்கில் பணத்தை விட்டவனுக்கு எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "மனசைக் கட்டுப்படுத்து ப்ரோ." என்னைக் கேட்டால் இது அறிவுரையே இல்லை. விட்டதை அன்றைக்கே பிடிக்கப் பாய்வதை 'ரிவெஞ்ச் டிரேடிங்' என்கிறார்கள். பெயரில்தான் பழிவாங்கல். உள்ளே வரும்போது அது ரொம்ப நியாயமான ஒரு கணக்காகத்தான் வருகிறது.

கையில் ஒரு லட்சம், லாட்டுக்கு 75 என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்பைரி நாள் காலையில் நிஃப்டி கால் ஆப்ஷன் ஒரு லாட்டை 120 ரூபாய்க்கு வாங்குகிறான். 80-க்கு இறங்கியதும் விற்றுவிடுகிறான். 3,000 நஷ்டம். இதோடு மூடியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் கணக்கு பேசுகிறது: இதையே மூன்று லாட் வாங்கினால் 14 ரூபாய் ஏறினாலே போதுமே! 40 ரூபாய் இறங்கினது, 14 ஏறாதா? ஏறவில்லை. 40-க்கு வந்தது. மொத்த நஷ்டம் 12,000. இப்போது பத்து லாட், 16 ரூபாய் போதும். அது 15-க்குப் போகிறது. மொத்தம் 30,750 காலி. எக்ஸ்பைரி அன்று நிஃப்டி அசையாமல் நின்றாலும் மணிக்கு மணி ஆப்ஷன் விலை கரையும் என்பது அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை.

மூன்று, பத்து என்ற எண்கள் எங்கிருந்து வந்தன? சந்தையிலிருந்து இல்லை, நஷ்டத்திலிருந்து. ரிவெஞ்ச் டிரேடிங்கைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே எழுதிவிட்டார்கள்: லாபத்தில் இருப்பவன் பத்திரத்தைத் தேடுகிறான், நஷ்டத்தில் இருப்பவன் சூதாடத் துணிகிறான். காலையில் இருந்த ஒரு லட்சத்தை மனசு தரைமட்டமாக வைத்துக்கொள்கிறது. அதற்குக் கீழே இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதற்குக் கடன்.

அந்த நிமிஷத்தில் மனசைக் கட்டுப்படுத்தச் சொல்வது, குடித்தவனிடம் நிதானமாக வண்டி ஓட்டு என்பது மாதிரி. சாவியை முன்னாடியே வாங்கி வைக்கணும். சந்தை திறக்கும் முன் இன்றைய லாட் எண்ணிக்கையைத் தாளில் எழுதுங்கள், அன்று முழுக்க அது மாறக்கூடாது. நாள் நஷ்டத்துக்கு ஒரு எல்லை வையுங்கள். அதைத் தொட்டதும் ஆப்பில் 'கில் ஸ்விட்ச்' இருந்தால் போட்டு, அன்றைய டிரேடிங்கையே பூட்டுங்கள். இன்னொரு புரோக்கரிடம் கணக்கு இருந்தால் இந்தப் பூட்டு வெறும் அலங்காரம். ஆகவே ஒரே கணக்கு போதும்.

இதெல்லாம் லாபம் தருமா? தராது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாக செபி சொல்கிறது. இந்தப் பழக்கங்கள் செய்வது ஒன்றே ஒன்று: 3,000 ரூபாய் நஷ்டத்தை 3,000 ரூபாயாகவே வைத்திருக்கும்.