வன உரிமை மனு தள்ளுபடி: அடுத்து எங்கே போவது?

கேள்வி: “காட்டோர நிலம் மூன்று ஏக்கரில் அப்பா காலத்திலிருந்து ராகி, மொச்சை போடுகிறோம். பட்டா கேட்டுக் கொடுத்த மனுவை உட்கோட்டக் குழு தள்ளிவிட்டது. இனி வழி உண்டா?”
– கடம்பூர் மலை வாசகர், ஈரோடு மாவட்டம்.

வழி உண்டு. வாசகர் அனுப்பிய கடிதத்தில் மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, பழங்குடிச் சான்று இல்லை என்பது. கனமான காரணம் இதுதான். மலையாளி சமூகம் சேலம், தருமபுரி பகுதிகளில் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறது, ஈரோட்டில் இல்லை. ஆனால் 2006 வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கு மட்டுமானதல்ல. ‘காட்டில் பாரம்பரியமாக வசிக்கும் இதர மக்கள்’ என்ற பிரிவிலும் கேட்கலாம். அதற்கு 13.12.2005-க்கு முன் 75 ஆண்டுகள், அதாவது மூன்று தலைமுறையாகக் குடும்பம் காட்டுப் பகுதியில் வசித்திருக்க வேண்டும். இந்த மூன்று ஏக்கரையே 75 ஆண்டுகள் உழுதிருக்க வேண்டும் என்று பலர் தப்பாக நினைக்கிறார்கள். நிலம் அந்தத் தேதியில் கைவசம் இருந்து, இன்றும் அவர்களே பயிர் செய்தால் போதும். ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, நிலத்தில் போட்ட வரப்பு எல்லாமே சாட்சியம். ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும்.

இரண்டாவது, செயற்கைக்கோள் படத்தில் பயிர் தெரியவில்லை என்பது. மானாவாரி ராகி நிலம் கோடையில் புதர்க்காடு போலத்தான் தெரியும். 2012-இல் திருத்திய விதிப்படி, படம் மற்ற சாட்சியத்துக்குத் துணையாகலாம், மாற்றாகாது.

மூன்றாவது, வனத்துறை அபராத ரசீது இல்லை என்பது. அது இல்லாததை மட்டுமே வைத்துத் தள்ளக்கூடாது என்கிறது அதே விதி.

உட்கோட்டக் குழு தள்ளியிருப்பதால், அடுத்தது கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு. முடிவும் காரணமும் மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும். குழு விரும்பினால் 30 நாள் கூட்டித் தரலாம். கடிதம் கைக்கு வந்த தேதியை உறையிலேயே குறித்து வைப்பது நல்லது, தகராறு பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் வரும். நேரில் பேச வாய்ப்பு தராமல் மனுவைத் தள்ள முடியாது. முதல் மனுவில் ‘பழங்குடி’ என்று எழுதியிருந்தால், பிரிவைத் திருத்தி மறுபரிசீலனைக்குக் கிராம சபைக்கே திருப்பி அனுப்பும்படியும் கேட்கலாம்.

மாவட்டக் குழு முடிவே சட்டப்படி இறுதியானது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். கிராம சபையே தள்ளியிருந்தால் கதை வேறு: முதலில் உட்கோட்டக் குழு, நேராகக் கலெக்டரிடம் போக முடியாது.

சரிபார்ப்பு முடியும் வரை நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று சட்டத்தின் 4(5) பிரிவு சொல்கிறது. இதையும் மனுவில் எழுதி, கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும்.