பன்னீரும் அன்பீக்கும்: வாலையைக் கண்டுபிடித்தவர் யார்?

நிக்காஹ் வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்கும் சிறுவர்களைக் கடந்துதான் நாம் ஒவ்வொருவரும் உள்ளே செல்கிறோம். அந்தப் பன்னீரைப் பற்றி நம் கைப்பேசிகளில் அடிக்கடி ஒரு செய்தி சுற்றி வருகிறது: ரோஜாவிலிருந்து பன்னீர் வடிக்கும் முறையையும், அதற்கான அலெம்பிக் என்னும் கருவியையும் கண்டுபிடித்தவர் இப்னு சீனா என்பதே அது. படித்தவுடன் மனம் குளிர்கிறது. மறுகணமே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். நாமும் அவ்வாறு அனுப்பியவர்களே.

ஆனால் அந்தச் செய்தி சரியன்று. இப்னு சீனா பிறந்தது கி.பி. 980இல். அவர் பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்னரே, ஏறத்தாழ 873இல் மறைந்த அல்கிந்தி, நறுமணப் பொருள்களையும் வடிசாறுகளையும் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். கருவியோ அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. இல்லாத பெருமையை ஒருவர் தலையில் சூட்டுவதால், உண்மையில் நடந்ததும் நம் வீட்டுக் கூடத்தோடு நேரடித் தொடர்புடையதுமான வரலாறு மறைந்துபோகிறது. நம் வருத்தம் அதைப் பற்றியதே.

அலெம்பிக் என்பதற்குத் தமிழில் வாலை என்ற பழஞ்சொல் உண்டு. சித்த மருத்துவர்கள் வாலையில் வடித்ததைத் தீநீர் என்பார்கள்; குழந்தைக்கு வயிறு உப்பினால் நாம் கொடுக்கும் ஓமத் தீநீர் அவ்வகையைச் சேர்ந்ததே. 'அலெம்பிக்' என்ற பெயரோ ஒரு பயணக் குறிப்பு போன்றது. கிரேக்கத்தில் கிண்ணம் அல்லது மூடியைக் குறித்த 'அம்பிக்ஸ்' அரபியில் 'அல்-அன்பீக்' ஆனது. அரபியின் 'அல்' ஒட்டியபடியே ஸ்பானியத்தில் 'அலம்பிக்' என்றும், துருக்கியில் அது உதிர்ந்து 'இம்பிக்' என்றும் நின்றது.

கிரேக்க மொழி வழங்கிய எகிப்தில், கி.பி. 300ஐ ஒட்டி வாழ்ந்த ஸோஸிமஸ் என்னும் இரசவாதி இக்கருவியை விவரித்திருக்கிறார். மூன்று குழாய்கள் கொண்ட வாலை ஒன்றை அவர் மரியா என்ற யூதப் பெண்மணியின் பெயரால் குறிப்பிடுகிறார். செப்புத் தகடு பணியாரம் சுடும் சட்டியைவிடச் சற்றுத் தடிமனாக இருக்க வேண்டும், மூட்டுகளை மாவுப் பசையால் அடைக்க வேண்டும் என்பன அந்த அம்மையாரின் அறிவுரைகள். அடுக்களையை அறிந்த கை அது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர்கள் வடித்தது பூவை அன்று. உலோகங்களுக்கு நிறமேற்றும் நீர்மங்களை. அளவும் மிகச் சிறியது.

கருவியின் உள்ளமைப்பை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். கீழே அடுப்பின்மீது குடம். சுரைக்காய் வடிவில் இருப்பதால் அரபியில் அதற்குச் சுரைக்காய் என்றே பொருள்படும் 'கர்உ' என்ற பெயர். அதன் வாயில் கவிழ்த்த தொப்பி போன்ற தலை; அதுவே அன்பீக். குடத்தில் எழும் ஆவி தொப்பியின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து துளிகளாகிறது. வெறும் மூடியாக இருந்தால் அத்துளிகள் மீண்டும் குடத்துக்குள்ளேயே விழும். சோற்றுப்பானை மூடியில் நாம் தினமும் காண்பது அதுதான். அன்பீக்கின் உள்விளிம்பிலோ மேல்நோக்கி மடிந்த சிறு வாய்க்கால் ஒன்று சுற்றி ஓடுகிறது. வழியும் துளிகள் அதில் தேங்கி, சாய்வான மூக்கு வழியாக வெளியேறி, 'காபிலா' எனப்படும் ஏந்துகலத்தில் சேர்கின்றன. விரலளவு அகலமே உள்ள அந்த வாய்க்கால் இல்லையேல் வாலையே இல்லை.

ரோஜாவுக்கு இதில் ஒரு வியப்பு உண்டு. மணம் தரும் எண்ணெயின் முக்கியக் கூறுகள் தனியாகக் கொதிக்க 200 பாகைக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பூ கருகிவிடும். ஆனால் நீராவியோடு சேர்ந்தால் அவை 100 பாகைக்குச் சற்றுக் குறைவான சூட்டிலேயே எழுந்து வருகின்றன. ஆகவேதான் பூவோடு தண்ணீர் ஊற்றி வடிக்கிறோம். தவறுகளும் இங்கேதான் நேர்கின்றன. தண்ணீர் குறைந்து இதழ் அடிப்பிடித்தால், வடியும் நீரில் கருகல் வாடை ஏறிவிடும். பிறகு அதை நீக்க வழியில்லை. தீ மிஞ்சினால் நுரை பொங்கி வாய்க்கால் வரை ஏறும்; தெளிந்து வர வேண்டிய நீர் கலங்கி நிறத்தோடு வரும். மூட்டு சரியாக அடைபடாவிட்டால் அறையெங்கும் மணம் கமழும். புதியவர் அதைக் கண்டு மகிழ்வார். அனுபவமுள்ளவரோ சரக்கு வீணாகிறது என்று பதறுவார்.

இனி அல்கிந்தியிடம் வருவோம். அவருடைய நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் உள்ளன. அவற்றில் கணிசமானவை, விலையுயர்ந்த கஸ்தூரி, கற்பூரம் போன்றவற்றுக்கு மலிவான மாற்றுச் சரக்கு செய்யும் வழிகள்! இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வணிகம் அவ்வளவு பெருகியிருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஜும்ஆவுக்கு நறுமணம் பூசிச் செல்வதை நபிவழியாகக் கொண்ட சமுதாயத்தில் மணப்பொருள் அரண்மனையோடு நிற்கவில்லை. அவருக்குப் பின் அர்ராஸி தம் 'கிதாபுல் அஸ்ரார்' நூலில் குடம், அன்பீக், காபிலா ஆகியவற்றை ஒரு பட்டறைக் கணக்குப் போலப் பட்டியலிட்டு விளக்கினார்.

ஆய்வறையில் இருந்த சிறு கருவி தொழிலாக வளர்ந்தது பாரசீகத்தின் ஃபார்ஸ் மாகாணத்தில். அங்கே ஜூர் என்ற ஊர், இன்றைய ஃபீரூஸாபாத், பன்னீருக்குப் பெயர் பெற்றது. கலீஃபாவின் கருவூலத்துக்கு அம்மாகாணம் ஆண்டுதோறும் 30,000 குப்பிகள் பன்னீர் வரியாகச் செலுத்தியதை இப்னு கல்தூன் பதிவு செய்கிறார். ஜூர் பன்னீர் மக்ரிப், ஸ்பெயின், எகிப்து, யமன், இந்தியா, சீனா வரை சென்றதாகப் பத்தாம் நூற்றாண்டுப் பயணி இப்னு ஹவ்கல் எழுதினார். வாலையைக் கண்டுபிடித்தது நாமல்ல. எகிப்தின் இரசவாதிகள் கையளவில் வைத்திருந்ததை வாங்கி, பூவுக்குத் திருப்பி, கப்பலேற்றியவர்கள் நம் முன்னோர். நம்மைக் கேட்டால், பொய்யான முதலிடத்தைவிட இதுவே பெரிய செய்தி.

சரக்கு முதலில் போயிற்று. கருவியைப் பற்றிய அறிவு பின்னால் போயிற்று. கிழக்கில் இதைத் தெளிவாகக் காணலாம். 958இல் சம்பா நாட்டு மன்னர் சீனப் பேரரசுக்கு அனுப்பிய காணிக்கையில் 15 குப்பிகள் பன்னீர் இருந்தது. அதைக் கொண்டு சென்ற தூதரின் பெயரைச் சீனர்கள் 'பு ஹெசன்' என்று எழுதிவைத்தார்கள். அபூ ஹஸன் என்று நம் காதில் ஒலிக்கிறது. அந்நீர் பூவின்மீது விழுந்த பனித்துளி என்றே அங்கே பலரும் நம்பினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் காய் தாவ் என்ற எழுத்தாளர் அதை மறுத்தார்: அது பனியன்று, பூவை ஆவியில் வேகவைத்து அந்த ஆவியைத் திரட்டிய நீர் என்றார். குவாங்சோவில் அந்த ரோஜா கிடைக்காததால் மல்லிகை வகைகளைக் கொண்டு வடித்துப் பார்க்கிறார்கள், ஆனால் அரபு நாட்டுச் சரக்குக்கு அது ஈடாகவில்லை என்றும் அவர் எழுதினார்.

இதைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. பன்னீர் என்ற நம் சொல்லும் பனிநீர் என்பதன் மருவுதானே! மலையாளத்தில் இன்றும் பனிநீர்தான். காய் தாவ் மறுத்த எண்ணத்தை நாம் வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மேற்கே அது மருந்தின் வழியாகச் சென்றது. குர்துபாவின் அஸ்ஸஹ்ராவி, 1013ஐ ஒட்டி மறைந்த அறுவை மருத்துவர், மருந்துச் சரக்குகளைப் பக்குவப்படுத்தும் பகுதியில் பன்னீர் வடிக்கும் முறைகளையும் எழுதினார். அப்பகுதி இலத்தீனில் பெயர்க்கப்பட்டு 1471இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. 1500இல் ஸ்ட்ராஸ்பர்க்கின் புருன்ஷ்விக், மூலிகைத் தீநீர்களுக்கென்றே ஜெர்மன் மொழியில் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே பயன்பட்ட கூம்புத் தலைக்கு 'ரோஜாத் தொப்பி' என்றே பெயர்.

இவ்விடத்தில் நம்மவர் சிலர் சங்கடப்படுகிறார்கள்: இதே கருவியில்தானே மது வடிக்கிறார்கள்? ஆம். ஆனால் காற்றால் மட்டும் குளிரும் அன்பீக் அதற்கு அவ்வளவாகப் பொருந்தாது. மதுசாரம் 78 பாகையிலேயே கொதிப்பதால், சூடேறிய தலையில் தங்காமல் பெரும்பகுதி தப்பிவிடும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் போலோஞாவின் மருத்துவர் தத்தேயோ அல்தெரோத்தி, மூக்கை நீண்ட சுருள் குழாயாக்கி ஓடும் நீரில் மூழ்க வைக்கும் முறையை எழுதினார். திடமான மதுசாரத்துக்கு வழி திறந்தது அத்தகைய குளிரூட்டல்தான். 'அல்கஹால்' என்ற சொல்லும் அரபியில் கண்ணுக்கிடும் சுர்மாத் தூளைக் குறித்தது. மதுசாரத்துக்கு அதைச் சூட்டியவர் பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பியரான பாராசெல்சஸ். ஆகவே இதில் பெருமைப்படவும் வேண்டாம், கூசவும் வேண்டாம்.

இந்தியாவில் அத்தர் பற்றியும் ஒரு கதை உண்டு. நூர்ஜஹான் நீரோடையில் மிதந்த எண்ணெயைக் கண்டு அத்தரைக் கண்டுபிடித்தார் என்பார்கள். ஜஹாங்கீரின் நினைவுக் குறிப்போ அவர் தாயாரைச் சொல்கிறது: சூடான பன்னீரைப் பாத்திரத்தில் ஊற்றியபோது மேலே படிந்த ஏட்டை அந்த அம்மையார் சிறுகச் சிறுகச் சேர்த்தார். அவ்வளவு சிறிதாகவே அது கிடைக்கும். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கும் மேல் பூ வேண்டும்.

அதனால்தான் கன்னோஜில் வேறு வழி கொண்டார்கள். அங்கே 'தேக்' என்ற செப்பு அண்டாவில் பூவும் நீரும். மூடியைக் களிமண்ணால் பூசி அடைக்கிறார்கள். கயிறு சுற்றிய மூங்கில் குழாய் வழியே ஆவி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியுள்ள 'பப்கா' என்ற கலத்துக்குள் இறங்குகிறது. அதற்குள் முன்னரே ஊற்றிய சந்தன எண்ணெய் காத்திருக்கிறது. மணத்தை அது பிடித்துக்கொள்கிறது. வெப்பமானி இல்லை, தொழிலாளி பப்காவைக் கையால் தொட்டுப் பார்த்தே தீயைக் கூட்டுகிறார், குறைக்கிறார். சந்தனம் விலையேறியதால் சிலர் அதற்குப் பதில் பாரஃபின் எண்ணெய் ஊற்றுகிறார்கள். பெருநாளுக்கு அத்தர் வாங்கும்போது கடைக்காரரிடம் அடி எண்ணெய் எதுவென்று நாம் கேட்கலாம்; கேட்பவர் மிகக் குறைவு. இரவு முழுதும் ஆறவிட்ட பின் கலத்தின் அடித்துளை வழியாக நீரை இறக்கிவிட்டு, எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிறார்கள். இறக்கிய நீர் மறுநாள் புதுப் பூவோடு மீண்டும் அண்டாவுக்குள் போகிறது.