அமெரிக்காவிலிருந்து வந்த போனில் சிக்னல் இல்லையா?

மதுரையில் ஒரு டீச்சருக்கு, சிகாகோவில் இருக்கும் அண்ணன் மகன் தன் ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்துவிட்டுப் போனான். தன் பழைய போனை மகளுக்குத் தந்துவிட்டு, ஜியோ சிம்மைப் புதியதில் போட்டார் டீச்சர். 'SIM network unlock PIN' என்று ஒரு கட்டம் வந்தது. சிக்னல் இல்லை. பேங்க் ஓ.டி.பி. வருவது அந்த நம்பருக்குத்தான்.

கடைக்காரர், "போர்டு போயிருக்கும்" என்றார். போர்டு போன போன் இப்படி பின் நம்பர் கேட்டுக்கொண்டிருக்காது. அங்கே தவணையில் விற்கும் போன்களை அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டி வைப்பது வழக்கம். இஷ்டத்துக்கு எண்களைப் போட்டுப் பார்க்கக் கூடாது; சில தவறுகளுக்குப் பிறகு அந்தக் கட்டமே மூடிக்கொள்ளும். ஐபோன் என்றால் Settings > General > About பகுதியில் Carrier Lock என்ற வரி இருக்கும். அதில் 'No SIM restrictions' என்றிருந்தால் பூட்டு இல்லை.

பூட்டைத் திறக்க வேண்டியது விற்ற நிறுவனம். கேட்க வேண்டியது அந்தக் கணக்கின் சொந்தக்காரர். "ரெண்டு தவணை பாக்கி இருக்கு அத்தை, மறந்துட்டேன்" என்றான் பையன். பணம் கட்டி, விண்ணப்பம் போட்டு, சில நாளில் கோடு வந்தது. அதற்குள் டீச்சர் *#06# அழுத்தி 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை எடுத்து, KYM என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். சரியான பிராண்டும் மாடலும் பதிலாக வந்தன. பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட் என்று வந்திருந்தால் அந்த போனுக்கு மேற்கொண்டு செலவழிப்பதே வீண். (செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் காசு கொடுக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம்.)

பூட்டு திறந்தது, சிக்னல் வந்தது, வாட்ஸ்அப் ஓடியது. ஆனால், போன் கால் மட்டும் போகவில்லை!

காரணம், ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. குரலும் 4ஜி வழியாக, வோல்ட்இ முறையில்தான் போக வேண்டும். அமெரிக்க நிறுவனத்துக்காகத் தயாரான சில மாடல்களில் நம் ஊர் வோல்ட்இ-க்கான அமைப்பு இருப்பதில்லை. பேண்டும் அப்படித்தான். ஜியோ 4ஜி-க்கு 3, 5, 40 ஆகிய பேண்டுகள் பயன்படுகின்றன. ஒரே பெயரில் விற்கும் போனிலும் நாட்டுக்கு நாடு பேண்ட் மாறும் என்பதால், பெயரை வைத்துத் தேடாமல் Settings > About phone-ல் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். டீச்சரின் மாடலில் 3-ம் 5-ம் இருந்தன, 40 இல்லை. சிக்னல் வர அந்த இரண்டே போதும். கூட்டமான இடத்தில் நெட் கொஞ்சம் மந்தமாகலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் ஏர்டெல் சிம்மை வாங்கிப் போட்டுப் பார்த்தார். கால் போனது. அங்கே 2ஜி இன்னும் இருப்பதால் குரல் அந்த வழியில் போய்விடுகிறது. அன்றைக்கே PORT என்று டைப் செய்து, தன் மொபைல் நம்பரையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினார். நம்பர் மாறும் வரை ஜியோ சிம்மை மகளின் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டு வைத்தார். ஓ.டி.பி. அங்கே வந்துகொண்டிருந்தது.