இரவல் பீட்டாவில் யாருடைய கடன் இருக்கு?

புது ப்ராஜெக்ட்டுக்கு டிஸ்கவுண்ட் ரேட் கேட்டால், கம்பெனியோட சொந்த பீட்டாவை எடுத்துப் போடுறது ஒரு கூட்டம். புதுத் துறைக் கம்பெனியோட பீட்டாவை அப்படியே காப்பி அடிக்கிறது இன்னொரு கூட்டம். என் கட்சி: ரெண்டுமே தப்பு.

சேத்துப்பட்டுல இருக்கிற எனக்குப் பக்கத்து உதாரணம், இதே திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாறு. கிராசிம் 2021ல் பெயின்ட் துறையில் இறங்குவதாகச் சொன்னது, 2022ல் முதலீட்டை 10,000 கோடியாக உயர்த்தியது, 2024ல் பிர்லா ஓபஸ் வந்தது. அதன் ஆலைகளில் ஒன்று செய்யாறில். கிராசிமின் பீட்டாவில் இருப்பது சிமென்ட், விஸ்கோஸ் நார், ரசாயனம் இவற்றின் ரிஸ்க். பெயின்ட் விற்பனை எப்படி ஆடும்னு அது எப்படிச் சொல்லும்?

அப்போ ஏஷியன் பெயின்ட்ஸ், பெர்ஜர், கன்சாய் நெரோலாக் பீட்டாவைப் பார்க்கணும். ஆனா பங்கு பீட்டாவில் தொழில் ரிஸ்க்கோட அந்தந்தக் கம்பெனியின் கடன் ரிஸ்க்கும் கலந்திருக்கும். முதல்ல அதைக் கழிக்கணும், அப்புறம் நம்ம கடனை ஏத்தணும்:

```
βu = βe / (1 + (1−t) × D/E)
βe = βu × (1 + (1−t) × D/E)
```

இனி வரும் எண்கள் என் கற்பனை. பெயின்ட் கம்பெனிகளின் சராசரி பீட்டா 0.83, D/E 0.05, வரி 25%. கடனைக் கழித்தால் 0.80. நம்ம ப்ராஜெக்ட்டின் D/E 0.60 என்றால் திரும்ப ஏத்தும்போது 1.16. D, E ரெண்டும் சந்தை மதிப்பில். பாலன்ஸ் ஷீட்டிலிருந்து E எடுத்தால் கணக்கு கோணல்.

ரிஸ்க் இல்லா வட்டி 7%, சந்தை பிரீமியம் 7% வைத்தால் பங்கு முதலின் செலவு 15.1%. 9% வட்டிக் கடனையும் சேர்த்தால் மொத்தச் செலவு 12%. காப்பி அடிச்ச 0.83ஐ வைத்தாலோ 10.5%தான். பத்து வருஷம் கழிச்சு வரும் 100 ரூபாய் இன்னிக்கு 32 ரூபாயா, 37 ரூபாயா? நஷ்டத் திட்டம் லாபமாகத் தெரிய இந்த அஞ்சு ரூபாய் போதும்.

"பெயின்ட் கம்பெனிகளுக்குத்தான் கடனே கிடையாதே, எதுக்கு இந்த வேலை?" என்பார்கள். கழிக்கிற வேலை சின்னதுதான். திரும்ப ஏத்துறதுதான் பெரிசு, அதைத்தான் எல்லாரும் விடுறாங்க.

ஆனா இந்தச் சூத்திரம் திருத்துறது கடன் ரிஸ்க்கை மட்டும். கடனுக்கு பீட்டா பூஜ்யம்னு எடுத்துக்கிட்டுதான் அதையும் திருத்துது. பல வருஷமா டீலர்களைக் கையில் வச்சிருக்கிற கம்பெனியும், ஆலை கட்டி முடிச்சு விற்பனைக்குக் காத்திருக்கிற புதுக் கம்பெனியும் ஒண்ணில்லை. புதுசுக்கு விற்பனையை விட நிலைச்செலவு கனம், அதனால் விற்பனை கொஞ்சம் சரிஞ்சாலும் லாபம் ரொம்பச் சரியும். எனவே 0.80 என்பது தரை, கூரை இல்லை.

மறுக்கிறவங்க பின்னூட்டத்துல கணக்கோட வாங்க.